ஐம்பது நாள் பதிவு எங்கே போனது?
காவல் நிலையக் கேமராக்களின் சேமிப்புக் கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை

கார்டன் ரீச் காவல் நிலையம் கொல்கத்தா காவல்துறையின் துறைமுகப் பிரிவைச் சேர்ந்தது. அந்த நிலையத்துக்கும், தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கும், நாட்டின் மற்ற எல்லாக் காவல் நிலையங்களுக்கும் பொதுவான ஒரு கட்டளை 2020 டிசம்பர் 2 முதல் இருந்துவருகிறது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த அந்தக் கட்டளைப்படி, நிலையத்தின் வாயில்கள், லாக்-அப் அறைகள், தாழ்வாரங்கள், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், கட்டிடத்தின் பின்புறம் என எந்தப் பகுதியும் கேமராவின் பார்வைக்குத் தப்பக் கூடாது. படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். பதிவுகள் 18 மாதங்கள் அழியாமல் இருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவு உள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டால், கிடைப்பவற்றில் அதிகமானதை வாங்க வேண்டும். அதுவும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

காவலில் இருப்பவரின் பாதுகாப்பு குறித்த இந்தியச் சட்டத்தில் மேற்கு வங்கத்துக்குத் தனி இடம் உண்டு. அம்மாநிலத்தின் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே. பாசு 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காகி, கைதுக்கான நெறிமுறைகளை வகுத்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பாக முடிந்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2015இல் சிறைகளில் கேமரா பொருத்த உத்தரவிடப்பட்டது. காவல் நிலையங்களிலும் படிப்படியாகப் பொருத்துவது பற்றி மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 2020ஆம் ஆண்டின் கட்டளை அந்த வரிசையில் வந்தது.

கேமரா இருக்கிறதா இல்லையா என்பதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். பதிவு 18 மாதம் நிற்குமா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் அலகு மாறிப்போகிறது. ஒன்று, பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையே. மற்றொன்று, ஆயிரத்தின் அடுக்கில் எண்ணும் ஜிகாபைட்டுக்கும் 1024இன் அடுக்கில் எண்ணும் ஜிபிபைட்டுக்கும் இடையே. முதல் பிழை விடையை எட்டு மடங்கு மாற்றிவிடும் என்பதால் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டாவது பிழை பத்து சதவீத அளவிலேயே இருப்பதால், எல்லாக் கையெழுத்துகளையும் தாண்டிப் போய்விடுகிறது.

கணக்கின் அடிப்படை

கேமராவிலிருந்து வரும் படத்தின் வேகம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று அளக்கப்படுகிறது. கருவியின் அமைப்புத் திரையில் அது Mbps அல்லது Kbps என்று இருக்கும். ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவோ பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வேகத்திலிருந்து கொள்ளளவுக்கு வர, ஒரே ஒரு முறை எட்டால் வகுக்க வேண்டும்.

ஓர் உதாரண நிலையத்தில் 16 கேமராக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இரவும் பகலும் இடைவிடாமல் பதிவு செய்கிறது. ஒரு நாளில் 86,400 நொடிகள். பதினெட்டு மாதம் என்பது 548 நாள். கணக்கு இவ்வளவுதான்:

```
16 × 2 × 86,400 × 548 ÷ 8 = 189,388,800 MB
```

இதை ஆயிரத்தால் இரு முறை வகுத்தால் ஏறத்தாழ 189.4 டெராபைட். நாளொன்றுக்கு 345.6 ஜிகாபைட். இங்கே எல்லாமே ஆயிரத்தின் அடுக்கு. ஒரு மெகாபிட் என்பது சரியாகப் பத்து லட்சம் பிட். ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி பைட், அதாவது ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்ஜியம். தகவல் தொடர்பின் வேகமும், ஹார்டு டிஸ்க் உறையில் அச்சிடப்படும் கொள்ளளவும் ஆயிரத்தின் அடுக்கில்தான் சொல்லப்படுகின்றன. ஆகவே இரண்டுக்கும் நடுவே 1024க்கு வேலையே இல்லை.

ஒலிப்பதிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கேமராவின் ஒலி நொடிக்கு 64 கிலோபிட் என்றால் மொத்தக் கொள்ளளவில் சுமார் மூன்று சதவீதம் கூடும். கணக்கு எளிதாகப் புரிவதற்காக இங்கே படம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எட்டால் வகுக்கும் இடம்

பிட்டுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து b, பைட்டுக்குப் பெரிய எழுத்து B என்பது வழக்கம். Mb என்பதும் MB என்பதும் தாளில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டெண்டர் ஆவணத்தை யாராவது முழுவதும் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்துவிட்டால் வேறுபாடே மறைந்துவிடும். தமிழில் ‘எம்பி’ என்று எழுதும்போதும் இதே நிலைதான்.

இந்தக் குழப்பம் இரு திசையிலும் போகும். 2 மெகாபிட்டை 2 மெகாபைட் என்று படித்து, எட்டால் வகுக்காமல் விட்டால், உதாரண நிலையத்துக்கு 1,515 டெராபைட் தேவை என்று வரும். அந்த எண்ணைப் பார்த்த எவரும் விலை கேட்டதுமே பின்வாங்குவார். ‘18 மாதம் சேமிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது’ என்ற முடிவுக்கு வர இப்படியொரு தவறான எண்ணே காரணமாகிவிடக்கூடும். நீதிமன்றத்தின் கட்டளை சந்தையில் கிடைக்கும் கொள்ளளவைப் பொறுத்துத் தளர்வு தருவதால், தேவையை எட்டு மடங்கு மிகைப்படுத்தும் கணக்கு அந்தத் தளர்வைக் கேட்கும் வாதமாக மாறிவிடும்.

மறு திசையில், ஏற்கெனவே பைட்டாக மாற்றப்பட்ட எண்ணை இன்னொருவர் மீண்டும் எட்டால் வகுத்துவிடுவது உண்டு. 16 கேமராக்களும் சேர்ந்து நொடிக்கு 4 மெகாபைட் அனுப்புகின்றன. அதை 4 மெகாபிட் என்று எடுத்துக்கொண்டால் தேவை 23.7 டெராபைட்டாகச் சுருங்கும். அவ்வளவு மட்டும் வாங்கிப் பொருத்தினால், 69ஆவது நாளில் முதல் நாளின் பதிவு அழியத் தொடங்கும். டிவிஆர் கருவியில் இடம் நிரம்பியதும் மிகப் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. கருவி ஒழுங்காக வேலை செய்வதாகவே தோன்றும்.

எட்டு மடங்குப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளில் 10.8 ஜிகாபைட்டை நிரப்பும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 2 மெகாபிட் என்றால் 21.6, 4 மெகாபிட் என்றால் 43.2. எந்த ஆவணத்திலும் ஒரு கேமராவின் ஒரு நாள் அளவை மட்டும் பிரித்தெடுத்து இதனோடு ஒப்பிட்டால், எட்டு மடங்குப் பிழை இருந்தால் அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

ஆயிரமும் 1024உம்

கணினியின் நினைவகச் சில்லு இரண்டின் அடுக்கில் அமைக்கப்படுகிறது. முகவரிக் கம்பி ஒன்று கூடினால் கொள்ளளவு இரட்டிப்பாகும் என்பதால் 1024 அங்கே இயல்பான எண். ஆயிரத்துக்கு அருகில் இருப்பதால் அதையே ‘கிலோ’ என்று சொல்லும் பழக்கம் வந்தது. கிலோபைட் அளவில் இரண்டுக்கும் வேறுபாடு 2.4 சதவீதம்தான். மெகாபைட்டில் அது 4.9 ஆகிறது, ஜிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் 10 சதவீதம். ஒவ்வொரு படி ஏறும்போதும் இடைவெளி அகலும். கிலோபைட் காலத்தில் பொருட்படுத்தாமல் விட்ட வேறுபாடு, டெராபைட் காலத்தில் மாதக் கணக்கான பதிவாக வளர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் இதற்குத் தீர்வு சொன்னது. 1024இன் அடுக்குகளுக்குக் கிபி, மெபி, ஜிபி, டெபி என்று தனி முன்னொட்டுகள் உருவாக்கப்பட்டன. எழுத்தில் KiB, MiB, GiB, TiB. தமிழில் எழுதும்போது ‘ஜிபி’ என்றாலே எல்லாரும் GB என்றுதான் படிப்பார்கள் என்பதால், ஒப்பந்த ஆவணங்களில் GiB என்று நடுவே சிறிய i போட்டு எழுதுவதே பாதுகாப்பு. இந்தத் தரம் வந்து கால் நூற்றாண்டு கடந்தபின்னும் விண்டோஸ் 1024ஆல் வகுத்துவிட்டு, முடிவுக்கு GB என்றே பெயரிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து ஆயிரத்துக்கு மாறிவிட்டது. ஒரே டிஸ்க்கை இரு கணினிகளில் செருகினால் இரு வேறு எண்கள் தெரிவது இதனால்தான்.

கடையில் வாங்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வழக்கமாக 1,000,204,886,016 பைட்கள் இருக்கும். அதை விண்டோஸ் 931 GB என்று காட்டும். மீதி இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பைட் எண்ணிக்கை மாறவே இல்லை. வகுக்கும் எண் மட்டும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் இதற்காக ஹார்டு டிஸ்க் நிறுவனங்கள் மீது நுகர்வோர் வழக்கு தொடுத்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மீதான வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்தது. அதன்பின் ‘1 ஜிபி என்றால் நூறு கோடி பைட்’ என்ற குறிப்பு உறைகளில் பரவலானது. நுகர்வோரின் மேசையில் இது ஒரு சிறு ஏமாற்ற உணர்வோடு முடிந்துபோகும். காவல் நிலையத்தின் பதிவறையில் அப்படி முடிவதில்லை.

ஐம்பது நாள் தொலையும் விதம்

கொள்ளளவைத் திட்டமிடும் கவனமான பொறியாளர் கேமராவின் விவரத்தாளை மட்டும் நம்ப மாட்டார். ஒரு மணி நேரம் பதிவு செய்து பார்த்து, கோப்பின் அளவை எடுப்பார். அது நல்ல வழக்கம். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 90 கோடி பைட், அதாவது 900 மெகாபைட். விண்டோஸ் திரையில் அது 858 MB என்று தெரியும்.

பிழை இங்கேதான் உள்ளே நுழைகிறது. அவர் 858ஐ 24 மணிக்கும் 16 கேமராவுக்கும் 548 நாளுக்கும் பெருக்குகிறார். மெகாவிலிருந்து டெராவுக்கு வர, கணினிக் கணக்கு என்பதால் 1024ஆல் இரு முறை வகுக்கிறார். விடை 172.2. டெண்டரில் ‘172 டிபி’ என்று எழுதப்படுகிறது. ஒவ்வொரு பெருக்கலும் சரி. ஒவ்வொரு வகுத்தலும் சரி. ஆனால் விடையின் அலகு TiB. அதை டிபி என்று எழுதிய கணத்தில், விற்பவர் ஆயிரத்தின் அடுக்கில் 172 டெராபைட்டைக் கொண்டுவந்து பொருத்துகிறார். விற்பவர் தரப்பிலும் தவறில்லை. கேட்டது கேட்டபடி வந்திருக்கிறது.

நாளொன்றுக்கு 345.6 ஜிகாபைட் நிரம்பும் நிலையத்தில், இந்த 172 டெராபைட் 498 நாள்களில் நிரம்பிவிடும். நீதிமன்றம் சொன்ன 548 நாளில் ஐம்பது நாள் காணாமல் போகிறது.

குறைந்தபட்சமான ஓராண்டுக்கு இதே பிழையோடு வாங்கினால் விளைவு இன்னும் கடுமை. 365 நாளுக்கான உண்மைத் தேவை 126.1 டெராபைட். பிழையான கணக்கு 114.7 என்று தரும். அதில் நிற்பது 332 நாள் பதிவுதான். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையம் விசாரணையைத் தொடங்கியாக வேண்டும். காவலில் காயமுற்றவரின் புகாரின் பேரில் ஆணையம் பதிவுகளை உடனே வரவழைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பயத்தாலோ, சிகிச்சையில் இருந்ததாலோ, சிறையிலிருந்து பிணையில் வந்தபிறகுதான் துணிவு வந்ததாலோ ஒருவர் பன்னிரண்டாவது மாதத்தில் புகார் கொடுத்தால், சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அவருடைய நாளின் பதிவின் மேல் வேறொரு நாள் எழுதப்பட்டிருக்கும். யாரும் வேண்டுமென்றே அழிக்கவில்லை என்ற விளக்கம் உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வேறு குறைவுகளிலிருந்து பிரித்தறிதல்

சேமிப்பகத்தின் கொள்ளளவு குறைவாகத் தெரிய அலகுக் குழப்பம் மட்டுமே காரணமல்ல. ஒரு டிஸ்க் பழுதானாலும் பதிவு போகாமல் இருக்க, பல டிஸ்க்குகளை ‘ரெய்டு’ முறையில் இணைக்கிறார்கள். ரெய்டு 6 என்ற அமைப்பில் இரண்டு டிஸ்க் அளவுக்கான இடம் பாதுகாப்புக்கே போய்விடும். 18 டிபி டிஸ்க்குகள் 13 பொருத்தினால், பதிவுக்கு 11 டிஸ்க்கின் இடம், அதாவது 198 டெராபைட் கிடைக்கும். இது உண்மையான இழப்பு. வாங்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டியது.

இந்த 198 டெராபைட்டை 1024ஆல் எண்ணும் திரை 180 என்று காட்டும். தேவை 189.4 என்ற தாளைக் கையில் வைத்திருக்கும் ஆய்வு அலுவலர், ஒன்பது டெராபைட் குறைவதாகச் சொல்லிக் கருவியை நிராகரிக்கக்கூடும். உண்மையில் அதில் 572 நாள் பதிவு நிற்கும். ஆகவே இந்தக் குழப்பம் குறைவான கருவியை ஏற்க வைப்பதைப் போலவே, போதுமான கருவியை நிராகரிக்கவும் வைக்கும். தாளில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒரே அலகில் இல்லாதபோது, அவற்றை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இழப்பு எந்த வகை என்பதை விகிதத்தைக் கொண்டு கண்டுகொள்ளலாம். டெராபைட் அளவில் திரை எண்ணை உறை எண்ணால் வகுத்தால் 0.909 என்று வந்தால் அது அலகு மாற்றம் மட்டுமே. ஜிகாபைட் அளவில் 0.931 வரும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், ரெய்டு ஒதுக்கீடோ கோப்பு முறைமையின் ஒதுக்கீடோ காரணமாக இருக்கும்.

லினக்ஸ் இயங்கும் சேமிப்பகமாக இருந்தால், மூன்று கட்டளைகள் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்:

```
df -h /video
df -H /video
df -B1 /video
```

இங்கே `/video` என்பது பதிவுகள் இருக்கும் இடம். முதல் கட்டளை 1024இன் அடுக்கில் காட்டும். இரண்டாவது ஆயிரத்தின் அடுக்கில். மூன்றாவது எந்த முன்னொட்டும் இல்லாமல் பைட் எண்ணிக்கையை அப்படியே தரும். ஆவணத்தில் பதிய வேண்டியது மூன்றாவது எண். விண்டோஸில் டிஸ்க்கின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்தால், GB எண்ணுக்குப் பக்கத்திலேயே முழு பைட் எண்ணிக்கையும் இருக்கும். கண் பெரும்பாலும் சிறிய எண்ணுக்கே போகும். பார்க்க வேண்டியது நீளமான எண்ணை.

சாத்தான்குளத்தின் ஒரு டெராபைட்

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் நீதிமன்றக் காவலில் இருந்தபோது இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தந்த அறிக்கையில், நிலையத்தின் கேமராப் பதிவைப் பற்றிய ஒரு குறிப்பு இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் 1 டிபி அளவுக்குப் போதிய இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்பதே அது.

அந்தக் குறிப்பின் வலிமையை எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் எடுக்கும். ஒரு டெராபைட்டை ஒரே நாளில் நிரப்ப 46க்கும் மேற்பட்ட கேமராக்கள் வேண்டும். 16 கேமரா இருந்தாலும் ஏறத்தாழ மூன்று நாள் பதிவு நிற்கும். நான்கு கேமரா என்றால் பதினொரு நாளைத் தாண்டும். இதில் 1 டிபியா, திரை காட்டும் 931 ஜிபியா என்ற கேள்வி விடையை மாற்றாது; ஏழு சதவீத வேறுபாட்டால் மூன்று நாள் ஒரு நாளாகிவிடாது. இடப் பற்றாக்குறையால்தான் பதிவு அழிந்தது என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கு அதைத் தாங்காது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த அமைப்பு சரியாக இருந்திருந்தாலும், 1 டெராபைட் நாள் கணக்கில்தான் தாங்கும், மாதக் கணக்கில் அல்ல. 18 மாதக் கட்டளைக்கு அதைப் போல 190 மடங்கு இடம் தேவைப்படலாம். ஓரிரு டெராபைட் டிஸ்க்கோடு பல கேமராக்கள் இயங்கும் நிலையம் கட்டளையை நிறைவேற்றுகிறது என்று எந்தப் பட்டியலாவது சொன்னால், அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்புவதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும்.

பதிவை எடுத்துத் தரும் நேரம்

பதிவு நின்றுவிட்டது; இப்போது நீதிமன்றம் கேட்கிறது. லாக்-அப் கேமராவின் மூன்று நாள் பதிவை மையக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். அளவு 64.8 ஜிகாபைட். இணைப்பு 100 எம்பிபிஎஸ். நொடிக்கு 100 மெகாபைட் போகும் என்று நினைப்பவர், பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பார். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான்; 86 நிமிடம் ஆகும். தரவோடு சேர்ந்து போகும் முகவரித் தகவல்களும் இணைப்பில் ஐந்து சதவீதம் வரை எடுத்துக்கொள்வதால், எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரம்.

இங்கே அலகுகள் இரண்டும் ஒன்றாக வந்து குழப்பும். நூறு மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் இயங்கும்போது, விண்டோஸின் நகலெடுக்கும் சாளரம் 11.3 MB/s என்று காட்டும். எட்டால் வகுத்ததும், ஐந்து சதவீதம் போனதும், 1024ஆல் எண்ணியதும் சேர்ந்த எண் அது. ‘நூறு என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுதான் தருகிறார்கள்’ என்று இணைப்பு நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல அங்கே இடமில்லை. அதே சாளரம் 3 MB/s என்று காட்டினால்தான் இணைப்பில் கோளாறு.

பதிவை எடுத்துத் தருவதில் தாமதம் என்று விளக்கம் தரப்படும்போது, இந்த எண்கள் இரு தரப்புக்கும் நியாயம் செய்யும். 65 ஜிகாபைட்டை அரை மணியில் தரவில்லை என்று நிலைய அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அதே பதிவுக்கு ‘பல நாள் ஆகும்’ என்று அவர் சொன்னாலும், அதை ஏற்க முடியாது.

டெண்டரில் எழுத வேண்டியது

2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் முறையாக இயங்காதது குறித்து உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மீண்டும் வழக்கெடுத்தது. ஆகவே புதிய கருவிகள் வாங்கப்படும். பழையவை தணிக்கைக்கு வரும். கார்டன் ரீச் போன்ற துறைமுகப் பகுதி நிலையமானாலும், கிராமத்து நிலையமானாலும், கேமரா எண்ணிக்கையும் வேகமும் மாறலாம். கணக்கின் வடிவம் மாறாது.

டெண்டரில் ‘இத்தனை டிபி’ என்று மட்டும் எழுதுவது போதாது. கேமரா எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வேகம், எத்தனை நாள் என்ற மூன்றையும் முதலில் எழுத வேண்டும். அவற்றிலிருந்து கிடைக்கும் கொள்ளளவை முழு பைட் எண்ணிக்கையாக எழுதி, ‘ரெய்டு ஒதுக்கீடு போகப் பதிவுக்குக் கிடைக்கும் இடம்’ என்று தெளிவுபடுத்த வேண்டும். 1 டிபி என்றால் 1,000,000,000,000 பைட் என்று ஒரு வரி சேர்த்தால், விற்பவரும் வாங்குபவரும் தணிக்கை செய்பவரும் ஒரே எண்ணைப் பற்றிப் பேசுவார்கள்.

கருவியை ஏற்கும்போது, ஒரு நாள் முழுவதும் எல்லாக் கேமராக்களையும் ஓடவிட்டு, அன்று சேர்ந்த பைட் எண்ணிக்கையை எடுக்க வேண்டும். பல கேமராக்கள் படத்தில் அசைவு கூடும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதால், கூட்டம் நிறைந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மொத்தக் கொள்ளளவின் பைட் எண்ணிக்கையை அந்த ஒரு நாள் எண்ணால் வகுத்தால் கிடைப்பது நாள்களின் எண்ணிக்கை. இரண்டு எண்களும் பைட்டிலேயே இருப்பதால் ஆயிரமா 1024ஆ என்ற கேள்வியே எழாது. விடை 548க்குக் குறைந்தால் கருவி போதாது.

அதன்பின் மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒவ்வொரு ஆய்வின்போதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு கேமராவிலும் இருக்கும் மிகப் பழைய பதிவைத் திறந்து ஓடவிட்டு, படமும் ஒலியும் வருகின்றனவா என்று பார்த்து, அதன் தேதியை ஆய்வறிக்கையில் எழுத வேண்டும். கருவி பொருத்தி 18 மாதம் ஆகாதவரை அந்தத் தேதி பொருத்திய நாளாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்பே அது நகரத் தொடங்கிவிட்டால், சேமிப்பகம் நிரம்பிவிட்டது என்று பொருள். எத்தனை நாளில் நகர்ந்தது என்பதே பிழை எங்கே என்றும் சொல்லிவிடும்: 498 நாளுக்கு அருகில் என்றால் ஆயிரமும் 1024உம் மாறியிருக்கிறது; 68 நாள் என்றால் எட்டால் இரு முறை வகுத்திருக்கிறார்கள்; ஒரே நாள் என்றால் கொள்ளளவைக் குறை சொல்லாமல், கருவியின் அமைப்பை மாற்றியவர் யார் என்று கேட்க வேண்டும்.